இரண்டு தாழ்வுகள், இரண்டு கோடுகள்: நீண்டகால சார்ட்டில் லீனியரும் லாக்கும்

"ஒரு பங்கின் பத்து வருட சார்ட்டில் இரண்டு தாழ்வுகளைத் தொட்டு ஒரு ஏறுமுகக் கோடு போட்டு வைத்திருந்தேன். விலை கோட்டுக்கு நன்றாக மேலே இருந்தது. லாக் ஸ்கேலுக்கு மாற்றியதும் விலை அதே கோட்டுக்குக் கீழே போய்விட்டது. கோட்டை நான் தொடவே இல்லை. இதில் எதை நம்புவது?"

இரண்டு படங்களுமே சரியாகத்தான் வரையப்பட்டிருக்கின்றன. கோட்டை நீங்கள் நகர்த்தவில்லை, மென்பொருள் நகர்த்தியது. ஒரு டிரெண்ட்லைன் என்றால் மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்வது இரண்டு முனைகளை மட்டும்தான்: இந்தத் தேதியில் இந்த விலை, அந்தத் தேதியில் அந்த விலை. மற்ற இடங்களில் கோடு எந்த விலையைத் தொட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இரண்டு முனைகளையும் திரையில் நேராக இணைத்து, அப்படியே வலதுபக்கம் நீட்டிவிடும். விலை அச்சை மாற்றினால் முனைகள் இரண்டும் அதே விலையில் நிற்கும். முனைகளுக்கு நடுவிலும் அவற்றுக்கு அப்பாலும் கோடு வேறு விலைகள் வழியாகப் போகும். அதாவது இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு வெவ்வேறு கோடுகள். அவை இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. எதை நம்புவது என்பதற்கு முன்னால் ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

லீனியர் ஸ்கேலில் அச்சில் ஒரு செ.மீ. உயரம் என்றால் எங்கே அளந்தாலும் விலையில் ஒரே அளவு வித்தியாசம். 100-லிருந்து 200-க்குப் போவதும் 900-லிருந்து 1,000-க்குப் போவதும் ஒரே உயரம். லாக் ஸ்கேலில் ஒரே உயரம் என்றால் ஒரே மடங்கு. 100-லிருந்து 200-க்கு எவ்வளவு உயரமோ அதே உயரம்தான் 200-லிருந்து 400-க்கும், 500-லிருந்து 1,000-க்கும். பள்ளியில் மடக்கை என்று படித்தோமே, அதேதான்: மென்பொருள் விலையை அப்படியே குறிக்காமல் விலையின் மடக்கையைக் குறிக்கிறது, அச்சில் மட்டும் பழைய விலையை எழுதிக் காட்டுகிறது. அடிமானம் பத்தா, இரண்டா என்பது முக்கியமில்லை. எதை எடுத்தாலும் படத்தின் வடிவம் ஒன்றுதான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று காட்ட எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் டவ் ஜோன்ஸ் குறியீடு. 1929 செப்டம்பர் 3-ல் அது 381.17-ல் முடிந்தது. 1932 ஜூலை 8-ல் 41.22. மூன்று வருடத்துக்குள் 340 புள்ளிகள் போயின, சதவீதத்தில் 89. பழைய உச்சத்தை மறுபடி தொட 1954 நவம்பர் ஆனது. இதோடு 2020 மார்ச் 16-ஐ ஒப்பிடுங்கள். அந்த ஒரே நாளில் 2,997 புள்ளிகள் சரிந்தன, சதவீதத்தில் 12.9. இரண்டையும் ஒரே லீனியர் சார்ட்டில் வைத்தால், ஒரு நாள் சரிவு மூன்று வருடப் பேரழிவைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு உயரமாகத் தெரியும். 1929 இருந்த இடத்தில் தரையோடு ஒட்டிய ஒரு கோடுதான் இருக்கும். லாக் சார்ட்டில் வைத்தால் நிலைமை தலைகீழ்: 1929–32 சரிவு, 2020-ன் அந்த நாளைப் போல 16 மடங்கு உயரம். பணம் போட்டவர் பட்ட அடி எவ்வளவு என்று கேட்டால் இரண்டாவது படம்தான் அதைச் சொல்கிறது. 100 போட்டவரிடம் முதல் சரிவுக்குப் பின் 11 மிஞ்சியது, இரண்டாவதற்குப் பின் 87 மிஞ்சியது.

சரி, உங்கள் கோட்டுக்கு வருவோம். உங்கள் பங்கின் எண்கள் என்னிடம் இல்லை. அதனால் கணக்குக்கு எளிதான எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். தொடக்க நாளில் ஒரு தாழ்வு, விலை 100. நான்கு வருடம் கழித்து இன்னொரு தாழ்வு, விலை 200. இந்த இரண்டையும் தொட்டு ஒரு கோடு. பத்தாவது வருட முடிவில் விலை 450 என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளில் கோடு எங்கே இருக்கிறது?

லீனியரில் கோடு நான்கு வருடத்துக்கு 100 ஏறியது, அதாவது வருடத்துக்கு 25. பத்து வருடத்தில் 250 ஏறி 350-ல் நிற்கும். விலை 450, ஆக கோட்டுக்கு 28 சதவீதத்துக்கும் மேலே இருக்கிறது. கவலையில்லை. லாக்கில் அதே கோடு நான்கு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கோடு. எட்டாவது வருடத்தில் 400, பத்தாவது வருடத்தில் சுமார் 566. விலை 450, ஆக கோட்டுக்கு 20 சதவீதம் கீழே. உடைந்துவிட்டது. உங்களுக்கு நடந்தது இதுதான். எந்த விரிதாளிலும் இதைச் சரிபார்க்கலாம். முதல் வரி லீனியர், இரண்டாவது லாக்:

```
=100+(200-100)*(10-0)/(4-0)
=100*(200/100)^((10-0)/(4-0))
```

100, 200 இருக்கும் இடத்தில் உங்கள் இரண்டு தாழ்வுகளின் விலையையும், 0, 4, 10 இருக்கும் இடத்தில் முதல் தாழ்வு, இரண்டாம் தாழ்வு, இன்று ஆகியவற்றின் காலத்தையும் போடுங்கள். சார்ட்டில் விடுமுறை நாட்களுக்கு இடம் கிடையாது என்பதால் காலண்டர் நாளைவிட சார்ட்டில் உள்ள கேண்டில்களை எண்ணிப் போட்டால் திரையில் இருப்பதோடு இன்னும் நெருக்கமாக வரும். பல வருட சார்ட்டில் இதனால் பெரிய மாற்றம் வராது.

இப்போது அந்த 'உடைந்தது' என்பதற்கு அர்த்தம் என்ன என்று பாருங்கள். எட்டாவது வருடம் விலை 430-ல் இருந்தது, பிறகு இரண்டு வருடம் அங்கேயே மெதுவாக ஊர்ந்து 450-க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். விலை விழவே இல்லை. ஆனால் லாக் கோடு அந்த இரண்டு வருடத்தில் 400-லிருந்து 566-க்கு ஏறிவிட்டது. ஏறிக்கொண்டிருக்கும் கோடு எட்டரை வருடம் வாக்கில் விலையைத் தாண்டிப் போயிருக்கும். ஆக லாக் கோடு உடைந்தது என்றால் பங்கு சரிந்தது என்று பொருள் அல்ல. முதல் நான்கு வருடத்தில் இருந்த வேகம், அதாவது வருடத்துக்கு சுமார் 19 சதவீதக் கூட்டு வளர்ச்சி, இப்போது இல்லை என்றுதான் பொருள். இது பயனுள்ள செய்தி. விற்கச் சொல்லும் மணி ஓசையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. லீனியர் கோட்டுக்கு வருடத்துக்கு 25 ஏறினால் போதும். விலை இனி 450-லேயே அசையாமல் நின்றால்கூட அந்தக் கோடு அதைத் தொட்டுப் பிடிக்கப் பதினான்காவது வருடம் ஆகும். நான்கு வருடம் ஒரு பைசா வளர்ச்சி இல்லாமல் இருக்கும் ஒரு பங்கை அந்தக் கோடு அதுவரை 'ஏறுமுகம் பத்திரமாக இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். லீனியரை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

இதன் வேர் லீனியர் நேர்கோட்டின் இயல்பிலேயே இருக்கிறது. வருடத்துக்கு 25 என்பது விலை 100-ஆக இருந்தபோது 25 சதவீதம். ஐந்தாவது வருடத்தில் 200-லிருந்து 225-க்குப் போகும்போது 12.5 சதவீதம். பத்தாவது வருடத்தில் 325-லிருந்து 350-க்குப் போகும்போது 7.7 சதவீதம். கண்ணுக்கு ஒரே சாய்வில் போகும் நேர்கோடு, சதவீதத்தில் வருடா வருடம் மெலிந்துகொண்டே போகிறது. லாக் சார்ட்டின் நேர்கோட்டில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே சதவீத வேகம். சாய்வு அதிகமென்றால் வேகம் அதிகம், சாய்வு படுத்தால் வேகம் குறைவு. லாக் சார்ட்டில் கோட்டின் சாய்வைப் பார்த்தே ஆண்டு வளர்ச்சியைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். லீனியரில் அது முடியாது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு கோடுகளும் சந்திப்பது அந்த இரண்டு முனைகளில் மட்டும். முனைகளுக்கு நடுவில் லாக் கோடு லீனியர் கோட்டுக்குக் கீழே இருக்கும், முனைகளுக்கு வெளியே மேலே இருக்கும். நம் கணக்கில் இரண்டாவது வருடத்தைப் பாருங்கள்: லீனியர் கோடு 150, லாக் கோடு 141. அந்த வருடம் விலை 145 வரை இறங்கியிருந்தால், லீனியரில் நடுவிலேயே கோட்டை வெட்டியிருக்கும், லாக்கில் கோட்டுக்கு மேலேயே இருந்திருக்கும். ஆக 'லாக் எப்போதும் சீக்கிரம் உடையும்' என்ற பொதுப்பேச்சு பாதி உண்மை. இரண்டாவது தாழ்வுக்குப் பின் நீட்டிய பகுதிக்குத்தான் அது பொருந்தும். கோடு செல்லுபடியானதா என்று பின்னோக்கிப் பார்க்கும்போது லீனியர்தான் கறாரானது.

இறங்குமுகத்தில் இது இன்னும் விசித்திரமாக இருக்கும். முதல் உச்சம் 400, இரண்டு வருடம் கழித்து அடுத்த உச்சம் 200 என்று ஒரு இறங்குகோடு போடுகிறோம். லீனியரில் அது வருடத்துக்கு 100 இறங்கி, நான்காவது வருடத்தில் பூஜ்யத்தைத் தொட்டு, அதன் பிறகு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பங்கு விலைக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. லாக்கில் அது நான்காவது வருடத்தில் 100, ஆறாவது வருடத்தில் 50 என்று பாதி பாதியாகத் தேயும், பூஜ்யத்தைத் தொடாது. இப்போது மூன்றாவது வருடத்துக்கு வாருங்கள். லீனியர் கோடு 100-ல், லாக் கோடு 141-ல். விலை 120 என்றால், லீனியர் சார்ட்டில் அது இறங்குகோட்டை மேல்நோக்கி உடைத்துவிட்டது. பலர் அங்கே வாங்குவார்கள். ஆனால் விலை அந்த ஒரு வருடத்தில் 200-லிருந்து 120-க்கு, 40 சதவீதம் விழுந்திருக்கிறது. முந்தைய இரண்டு வருடத்தில் வருடத்துக்கு சுமார் 29 சதவீதம்தான் விழுந்தது. சரிவின் வேகம் கூடியிருக்கும்போது 'சரிவு முடிந்தது' என்று லீனியர் கோடு சொல்கிறது. பெரிய உச்சத்திலிருந்து பல வருடமாக விழும் பங்குகளில் லீனியர் இறங்குகோட்டை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிடுவது. இதில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சந்தைக்கு வந்த ஆரம்ப வருடங்களில், நிதானமாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு பங்கு என்னிடம் இருந்தது. லீனியர் சார்ட்டில் அது கடைசி சில வருடங்களில் சுவர்போல நிமிர்ந்து நின்றது. இவ்வளவு செங்குத்தாக ஏறினால் விழத்தான் செய்யும் என்று முடிவு செய்து மொத்தத்தையும் விற்றுவிட்டேன். பல மாதம் கழித்து லாக் ஸ்கேலில் பார்த்தபோதுதான் புரிந்தது: அது கிட்டத்தட்ட நேர்கோடு. கடைசி வருடங்களில் வேகம் கூடவே இல்லை. நான் வேகத்தைப் பார்த்து விற்கவில்லை, கூட்டு வளர்ச்சியின் வடிவத்தைப் பார்த்து விற்றிருக்கிறேன்.

கணக்கு எளிது. வருடத்துக்குச் சரியாக 15 சதவீதம், ஏற்ற இறக்கமே இல்லாமல் இருபது வருடம் வளரும் ஒன்று 100-லிருந்து சுமார் 1,637-க்குப் போகும். லீனியர் சார்ட்டில் முதல் பத்து வருடம் மொத்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். கடைசி ஐந்து வருடம் மட்டும் பாதிக்கும் மேல். முதல் நாளிலிருந்து வேகம் ஒரு துளி மாறவில்லை, ஆனால் படம் ராக்கெட் போல இருக்கும். 'பாரபாலிக் ஆகிவிட்டது' என்று யாராவது ஒரு நீண்டகால சார்ட்டைக் காட்டினால், முதலில் அதை லாக்கில் போட்டுப் பாருங்கள். அங்கும் கோடு மேல்நோக்கி வளைந்தால் உண்மையிலேயே வேகம் கூடுகிறது, அது கவனிக்க வேண்டிய விஷயம். நேராக இருந்தால் பழைய வேகம்தான். கீழ்நோக்கி வளைந்தால் வேகம் குறைகிறது. லீனியரில் இந்த மூன்றுமே மேல்நோக்கி வளைந்து தெரியக்கூடும்.

லாக்கில் ஒரே உயரம் ஒரே சதவீதம் என்று சொல்லும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரே திசையில் அளந்தால்தான் அது சரி. 200-லிருந்து 100-க்கு விழுவதும் 100-லிருந்து 200-க்கு ஏறுவதும் லாக்கில் ஒரே உயரம், ஆனால் முதலாவது 50 சதவீத இழப்பு, இரண்டாவது 100 சதவீத லாபம். விழுந்த அதே உயரத்தை மறுபடி ஏறினால்தான் பழைய இடம் என்பதை லாக் அப்படியே காட்டுகிறது. சதவீத எண்களை மட்டும் பார்ப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

மென்பொருளில் 'சதவீத அச்சு' என்று இன்னொரு வசதி இருக்கும், அதையும் லாக்கையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். டிரேடிங்வியூவில் விலை அச்சின் மேல் ரைட் கிளிக் செய்தால் `Percent`, `Logarithmic` இரண்டும் தனித்தனியாக இருக்கும். `Alt+L` அழுத்தினாலும் லாக் மாறும். `Percent` என்பது திரையில் இடதுகோடியில் இருக்கும் விலையைப் பூஜ்யமாக வைத்து, மற்றதை அதிலிருந்து எத்தனை சதவீதம் என்று பெயர் மாற்றி எழுதுகிறது. அச்சு லீனியராகவேதான் இருக்கும். அதில் 400 சதவீதத்திலிருந்து 500 சதவீதத்துக்கு ஏறுவது விலையில் 20 சதவீத ஏற்றம், பூஜ்யத்திலிருந்து 100-க்குப் போவது 100 சதவீத ஏற்றம், ஆனால் இரண்டும் ஒரே உயரம். இரண்டு பங்குகளை ஒரே தொடக்கத்திலிருந்து ஒப்பிட அது வசதிதான். கோடு போட உதவாது.

அச்சு மாறினால் எது மாறும், எது மாறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைமட்டக் கோடு மாறாது, 300 என்றால் எந்த ஸ்கேலிலும் 300. மூவிங் ஆவரேஜ் மாறாது, அது விலையிலிருந்து கணக்கிடப்படுவது, திரையிலிருந்து இல்லை. சாய்ந்த கோடுகள், சேனல்கள், முக்கோணங்கள் எல்லாம் மாறும். ஃபிபொனாச்சி அளவுகள் மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. 100-லிருந்து 400-க்கு ஏறிய ஒன்றின் பாதிவழி லீனியரில் 250, லாக்கில் 200. இரண்டையும் '50 சதவீத பின்வாங்கல்' என்றுதான் எழுதுவார்கள், அதனால் யார் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? பொதுவாக 'நீண்டகாலம் என்றால் லாக்' என்பார்கள். உண்மையில் காலம் முக்கியமில்லை, திரையில் இருக்கும் அதிகபட்ச விலை குறைந்தபட்ச விலையைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் முக்கியம். 100-லிருந்து 120-க்குள் அடங்கும் சார்ட் என்றால் நடுப்புள்ளி லீனியரில் 110, லாக்கில் 109.5. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மடங்கு என்றால் 150-க்கும் 141-க்கும் உள்ள வித்தியாசம், ஒரு கோடு உடைந்ததா இல்லையா என்பதை மாற்றப் போதும். பத்து மடங்கு என்றால் 550-ம் 316-ம், இரண்டும் வேறு வேறு உலகம். பத்து வருடமாகக் குறுகிய எல்லைக்குள்ளேயே சுற்றும் ஒரு நாணய ஜோடிக்கு எந்த ஸ்கேலும் சரி. ஆறு மாதத்தில் எட்டு மடங்கான ஒன்றுக்கு, ஆறு மாதம்தானே என்று லீனியரில் கோடு போடக் கூடாது. என் கையில் இருக்கும் வழக்கம், இரண்டு மடங்கைத் தாண்டினால் லாக். இது அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லை, விதி இல்லை.

லாக்குக்கும் குறைகள் உண்டு. பூஜ்யத்தையும் எதிர்மறை எண்ணையும் அதில் குறிக்கவே முடியாது. 2020 ஏப்ரல் 20-ல் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃப்யூச்சர் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, லாக் அச்சில் அதற்கு இடமில்லை. இரண்டு விலைகளின் வித்தியாசத்தை வரையும் ஸ்பிரெட் சார்ட்டுக்கும் இதே கதிதான். ஃப்யூச்சர் ஒப்பந்தங்களைத் தொடர்ச்சியாக ஒட்டித் தரும் சார்ட்டுகளில், ஒட்டும் இடத்தில் இருந்த வித்தியாசத்தைப் பழைய விலைகள் எல்லாவற்றோடும் கூட்டியோ கழித்தோ சரிசெய்திருப்பார்கள். அப்படிச் செய்த பழைய விலைகளில் சதவீதம் உண்மையாக இருக்காது, அதனால் அதன் மேல் போடும் லாக் கோட்டுக்கும் அர்த்தமில்லை.

அடுத்த குறை கண் சம்பந்தப்பட்டது. நூறு வருட டவ் சார்ட்டை லாக்கில் போட்டால் 41-லிருந்து 40,000 வரை ஒரே திரையில் அடங்க வேண்டும். அதில் 30 சதவீதச் சரிவு மொத்த உயரத்தில் இருபதில் ஒரு பங்குதான். ஒரு சிறு நெளிவாகத் தெரியும். அதை வாழ்ந்து கடப்பவருக்கு அது நெளிவு இல்லை, சேமிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நீண்ட லாக் சார்ட்டைக் காட்டி 'எல்லாம் ஏறிவிடும்' என்று யாராவது சொன்னால், அந்தச் சரிவு இருந்த மூன்று வருடங்களை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த நேரத்தில் எவ்வளவு பணம் போகும் என்ற கேள்விக்கு லீனியர் உதவும். ஒரு குறிப்பிட்ட அளவு பங்கை வைத்துக்கொண்டு, இன்று எங்கே ஸ்டாப் வைப்பது, எவ்வளவு இழப்பு தாங்கும் என்று யோசிப்பவருக்குப் பணக்கணக்குதான் தேவை. அந்த இடத்தில் நானும் லீனியரையே பார்க்கிறேன்.

இதுவரை சொன்னது முழுக்கக் கணக்கு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வது அப்படிப்பட்டதல்ல. லாக் கோடு உடைந்தால் விலை மேலும் விழுமா என்பதை ஸ்கேலை மாற்றி நிரூபிக்க முடியாது. இரண்டு தாழ்வுகள் வழியாக யாரும் ஒரு கோடு போடலாம், அதைச் சந்தை மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நிறுவனம் பெரிதாகப் பெரிதாக முன்பிருந்த சதவீத வேகம் குறைவது இயல்பு, அதனால் போதுமான காலம் காத்திருந்தால் பெரும்பாலான லாக் ஏறுகோடுகள் உடையத்தான் செய்யும். உடைந்த பின்னும் வருடத்துக்குப் பத்து சதவீதம் வளர்ந்து நல்ல முதலீடாகவே தொடர்ந்த பங்குகளைப் பார்த்திருக்கிறேன்.

கோடு உங்கள் பங்குக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு: மூன்றாவது தாழ்வு. நம் கணக்கில் ஏழாவது வருடம் லீனியர் கோடு 275-லும் லாக் கோடு 336-லும் இருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய தாழ்வு 330 பக்கம் வந்து திரும்பியிருந்தால், அந்தப் பங்கு அதுவரை சதவீதப் பாதையில் போயிருக்கிறது என்று நம்ப ஓரளவு காரணம் கிடைக்கிறது. 280 வரை இறங்கித் திரும்பியிருந்தால் லாக் கோடு அப்போதே தோற்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ திரும்பியிருந்தால் இரண்டு கோட்டையும் அழித்துவிடுவது நல்லது. இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். மூன்றாவது தாழ்வைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு கோட்டின் விலையையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு எந்தக் கோடு பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தால் அது சோதனை இல்லை. பிடித்த பதிலுக்கு ஏற்ற ஸ்கேலை எடுத்துக்கொள்வது மிகச் சுலபம். பங்கை வைத்திருப்பவர் லீனியருக்கும், விற்றுவிட்டவர் லாக்குக்கும் சாய்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் சார்ட்டில் போனஸும் பங்குப் பிரிப்பும் சரிசெய்யப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்தது சரிசெய்யப்படாமல் இருந்தால், லாக்கில் அது 50 சதவீதச் சரிவாக நிற்கும், அதன் வழியே போகும் எந்தக் கோடும் செல்லாது. ஈவுத்தொகைக்கும் சரிசெய்த சார்ட் என்றால் பழைய விலைகள் இறங்கி, கோடு இன்னும் செங்குத்தாகும். எது உங்கள் திரையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு லாக்கில் உங்கள் இரண்டு தாழ்வுகளுக்கு நடுவில் இருந்த ஆண்டுக் கூட்டு வளர்ச்சியையும், இரண்டாவது தாழ்விலிருந்து இன்றுவரை இருக்கும் வளர்ச்சியையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். நம் உதாரணத்தில் முதலாவது 18.9 சதவீதம். 200-லிருந்து ஆறு வருடத்தில் 450 என்றால் இரண்டாவது 14.5 சதவீதம். அந்த இரண்டாவது எண், அந்தத் தொழிலில் இன்று நீங்கள் எதிர்பார்க்கும் லாப வளர்ச்சிக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, வைத்திருப்பதா விற்பதா என்று யோசியுங்கள். கோடு எந்தப் பக்கம் என்பதைவிட அந்தக் கேள்விக்கு நான் அதிக நேரம் கொடுப்பேன். உங்கள் இரண்டு தாழ்வுகளின் தேதியையும் விலையையும் இங்கே எழுதினால் சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம்.